திரையில் ‘Payment failed’, பணம் போனதா?

“மளிகைக் கடைக்கு 640 ரூபாய் அனுப்பினேன், ‘Payment failed’ என்று வந்தது, பணம் போய்விட்டதா?”

அதை அந்தத் திரை சொல்லாது. உங்கள் வங்கிக் கணக்கு விவரம்தான் சொல்லும். திரையிலுள்ள 12 இலக்க UPI எண்ணை அங்கே தேடுங்கள். அந்த எண்ணில் பற்று இல்லையென்றால் பணம் போகவில்லை, மீண்டும் செலுத்தலாம். பற்று மட்டும் இருந்து, அதே 640 ரூபாய் திரும்ப வரவாகவில்லை என்றால், பணம் இடையில் நிற்கிறது.

ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்கான தொகை பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பணம் வராவிட்டால், செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் உதவி எண்களை, தயவுசெய்து, அழைக்காதீர்கள். ‘Pending’ என்றிருந்தால், முடிவு தெரியும்வரை மறுபடி செலுத்த வேண்டாம்.