‘கட்டாயமில்லை, ஆனால்...’: கடனோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆயுள் காப்பீடு

கேள்வி: தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்தேன். 5 லட்சம், ஐந்து வருடம், 12 சதவீத வட்டி என்று ஒப்புதலும் வந்துவிட்டது. கையெழுத்துப் போடப் போன அன்றுதான் 20,000 பிரீமியத்தில் கடன் பாதுகாப்புக் காப்பீடு ஒன்றும் சேர்ந்திருப்பது தெரிந்தது. “கட்டாயமில்லை சார், ஆனால் வேண்டாம் என்றால் வட்டி முக்கால் சதவீதம் கூடும், ஃபைலும் மறுபடி மேலே போய்வர வேண்டும்” என்கிறார் அதிகாரி. படிவத்திலோ ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று முன்பே அச்சடித்திருக்கிறது. என்னிடம் ஏற்கெனவே ஒரு டெர்ம் பாலிசி உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இது நிஜமாகவே விருப்பம்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த அச்சடித்த வரியை மறந்துவிடுங்கள். அது பின்னால் தகராறு வந்தால் கடன் கொடுத்தவருக்கு உதவுவதற்காக எழுதப்பட்டது. வேண்டாம் என்று சொன்னால் கடனுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. கடனே கிடைக்காது என்றால் கட்டாயம். எதுவும் மாறாது என்றால் விருப்பம். உங்கள் அதிகாரி சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: மறுக்கலாம், மறுத்தால் அபராதம் உண்டு. நடைமுறையில் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவது வகையைத்தான்.

எனவே முதல் வேலை, இரண்டு தவணை அட்டவணைகள் கேட்பது. ஒன்று காப்பீட்டோடு, இன்னொன்று காப்பீடு இல்லாமல். கடன் தொகை, காலம், தேதி மூன்றும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வாய்க்கணக்கு வேண்டாம், தாளிலோ மெயிலிலோ வரட்டும். காப்பீடு நிஜமாகவே விருப்பம் என்றால் இரண்டாவது அட்டவணையை எடுத்துத் தர எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ‘சிஸ்டத்தில் அப்படி எடுக்கவே வராது’ என்று பதில் வந்தால், அந்த சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது கட்டாயம்தான், படிவம் என்ன சொன்னாலும்.

அந்த முக்கால் சதவீத மிரட்டலைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காப்பீடு இல்லாமல் 5 லட்சம், 12 சதவீதம், 60 மாதம் என்றால் மாதத் தவணை 11,122. இப்போது 20,000 பிரீமியத்தை உங்கள் கையிலிருந்து வாங்குவதில்லை, கடனிலேயே ஏற்றிவிடுகிறார்கள். கடன் 5,20,000 ஆகிறது, தவணை 11,567. வித்தியாசம் மாதம் 445. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் 60 மாதத்துக்குப் பெருக்கினால் 26,700-ஐ ஒட்டி வருகிறது. பிரீமியத்துக்கே வட்டி கட்டுகிறீர்கள், அதில் 6,700 போகிறது.

அடுத்து, காப்பீட்டை மறுத்து 12.75 சதவீதத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தவணை 11,313. ‘தண்டனை’ வட்டியில் கட்டும் தவணைகூட, ‘சலுகை’ வட்டியோடு காப்பீடும் சேர்ந்த தவணையைவிட மாதம் 254 குறைவு. ஐந்து வருடத்தில் சுமார் 15,000 மிச்சம். இன்னொரு வழியிலும் பார்க்கலாம். கையில் 5 லட்சம் வாங்கிக்கொண்டு மாதம் 11,567 கட்டுகிறவர் உண்மையில் ஏறத்தாழ 13.75 சதவீதத்துக்குக் கடன் வாங்கியவர். உங்களிடம் காட்டப்பட்ட 12 சதவீதம் காப்பீட்டை வாங்குகிறவருக்கு மட்டும் சொல்லும் விலை, அந்தக் காப்பீட்டின் விலை அதில் சேராது.

சில இடங்களில் கடனை 5 லட்சத்திலேயே வைத்துக்கொண்டு, பிரீமியத்தைப் பிடித்தது போக 4,80,000 மட்டும் கணக்கில் போடுவார்கள். தவணை மாறாததால் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் தொகையும் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையும் ஒன்றா என்று பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

கடனைப் பாதியில் அடைக்கும் எண்ணம் இருந்தால் கணக்கு இன்னும் ஒரு பக்கமாகச் சாயும். கூடுதல் வட்டி, கடன் முடிந்த அன்றே நின்றுவிடும். பிரீமியமோ ஐந்து வருடத்துக்கும் சேர்த்து முதல் நாளே போய்விட்டது. மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பத் தர பாலிசியில் வழி இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் நீங்கள் தனியாக எழுதிக் கேட்டால்தான் வரும், கடன் முடிந்ததும் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். மீதி வருடங்களின் விகிதப்படிதான் கிடைக்கும் என்பதும் இல்லை, அதைவிடக் குறைவாகத் தரும் சூத்திரங்கள் உண்டு.

இரண்டாவது வேலை, ஒரு வரி மெயில். “இந்த ஆயுள் காப்பீடு என் கடன் ஒப்புதலுக்கோ வட்டி விகிதத்துக்கோ நிபந்தனையா? ஆம் எனில் ஒப்புதல் கடிதத்தில் எந்த ஷரத்து?” அவ்வளவுதான். கோபம் வேண்டாம், சட்டம் பேச வேண்டாம். கவுன்டரில் ‘எல்லாரும் எடுத்துத்தான் ஆக வேண்டும்’ என்று சொல்கிறவர், அதையே எழுத்தில் தரத் தயங்குவார். எழுத்தில் ‘இது விருப்பத்தின் பேரில்’ என்று வந்துவிட்டால், அந்த மெயிலோடு காப்பீடு இல்லாத அட்டவணையை மறுபடி கேளுங்கள். ஃபைல் மேலே போய்வர எத்தனை நாள் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். தாமதம் என்பது பல நேரம் சும்மா பயமுறுத்தல். நிஜமாகவே நாலைந்து நாள் ஆகும் என்றால், அது உங்களுக்கு முக்கியமா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

‘ஆம், நிபந்தனைதான்’ என்று வந்தால்? கடன் கொடுப்பவர் ஆயுள் காப்பீட்டைப் பிணையாகக் கேட்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். பெரிய தொகை, நீண்ட காலம், ஒரே ஒருவர் சம்பாத்தியம் என்றால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏதோ ஒரு காப்பீடு வேண்டுமா, நீங்கள் விற்கும் காப்பீடுதான் வேண்டுமா? அவருக்கு வேண்டியது கடனுக்குப் பாதுகாப்பு மட்டும்தான் என்றால், உங்களிடம் இருக்கும் டெர்ம் பாலிசியைக் கடன் பாக்கி அளவுக்கு அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தாலே வேலை முடிந்தது. இதற்கு அசைன்மென்ட் என்று பெயர், காப்பீட்டு நிறுவனத்தில் படிவம் கிடைக்கும். கடன் முடிந்ததும் மறக்காமல் திரும்ப உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதை ஏற்க மாட்டோம், நாங்கள் விற்கும் பாலிசிதான் வேண்டும் என்றால், அங்கே பேசப்படுவது விற்பனை.

கட்டாயம் என்று சொல்லும் இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். கடனின் எல்லாச் செலவையும் சேர்த்துச் சொல்லும் ஆண்டுச் சதவீத விகிதம் ஒன்று கடன் தாள்களில் இருக்கும். அதில் பிரீமியம் சேர்ந்திருக்கிறதா? அமெரிக்காவின் ரெகுலேஷன் இஸட் விதி இதில் தெளிவானது. பிரீமியத்தைக் கடன் செலவில் சேர்க்காமல் விட வேண்டுமானால், காப்பீடு தேவையில்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பிரீமியம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும், எனக்கு வேண்டும் என்று கடன் வாங்குபவரும் கையெழுத்திட்டுக் கேட்டிருக்க வேண்டும். எல்லா நாட்டிலும் விதி இப்படியே இல்லை. கடனோடு வசூலிப்பதை எப்படியும் சேர்க்கச் சொல்லும் இடங்களும் உண்டு. ஆகவே சேர்ந்திருப்பதை வைத்து மட்டும் கட்டாயம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் வாயால் கட்டாயம் என்று சொல்லிவிட்டு விகிதத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால், ஏதோ ஒன்று பொய். புகார் எழுத அந்த முரண்பாடு ஒன்றே போதும்.

இந்தக் காப்பீடு ஒன்றுக்கும் உதவாது என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். உடம்பில் ஏதோ கோளாறு இருந்து தனியாக டெர்ம் பாலிசி கிடைக்காதவருக்கு, மருத்துவப் பரிசோதனை இல்லாமல் குழுவாகச் சேர்த்துக்கொள்ளும் இந்த மாதிரி பாலிசி பயன்படக்கூடும். உங்கள் நிலைமை அதுவல்ல. அதோடு இதில் கிடைக்கும் தொகை, கடன் குறையக் குறையத் தானும் குறைந்துகொண்டே வரும், முதலில் கடனுக்குத்தான் போகும். உங்கள் டெர்ம் பாலிசியின் தொகை வீட்டுக்கு வேண்டியது போக இந்த 5 லட்சத்தையும் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால், விடுபடும் தொகைக்கு ஐந்து வருடத்துக்குத் தனி டெர்ம் பாலிசி என்ன விலை என்று விசாரித்து, அதை 26,700-உடன் ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட வாசகர்களும் இதைப் படிப்பார்கள். பல நாடுகளில் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து சில நாட்களுக்கு ‘ஃப்ரீ லுக்’ என்று ஒரு அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்பது பாலிசியிலேயே இருக்கும். அதற்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யலாம். குழு பாலிசியாக இருந்தால் உங்களிடம் பாலிசியே இருக்காது, காப்பீட்டுச் சான்றிதழ் மட்டும்தான் வந்திருக்கும், அதன் எண்ணைக் குறிப்பிடுங்கள். ரத்து செய்தால் வட்டி மாறுமா என்று முதலில் கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கடனில் ஏற்றப்பட்டிருந்தால் திரும்பும் பணம் பெரும்பாலும் கடன் கணக்குக்கே போகும். அசல் குறையும், ஆனால் தவணை அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம். புது அட்டவணை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் எல்லாம் பார்த்துவிட்டுக் காப்பீட்டை எடுக்கவே முடிவு செய்தால், உடல்நல அறிவிப்புப் படிவத்தை மட்டும் அதிகாரி கையில் விடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை என்ற கட்டங்களில் எல்லாம் ‘இல்லை’ என்று அவசரத்தில் டிக் போட்டு நீட்டுவார்கள். பின்னால் உரிமை கோரும்போது காப்பீட்டு நிறுவனம் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கும். வெற்றுப் படிவம் வாங்கி, உங்கள் கையாலேயே நிரப்பி, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.