பட்டம் படிக்கும் வயதும் பணம் கைக்கு வரும் தேதியும்

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். மகளுக்கு 6 வயது. அவள் பொறியியல் படிப்புக்காக மாதம் 8,000 ரூபாய் ஒதுக்க முடியும். முழுவதையும் செல்வமகள் திட்டத்தில் போடலாம் என்பது என் எண்ணம். நகையாக வாங்கி வை என்கிறார் ஆத்தா. எது சரி?
– வாசகர், காரைக்குடி

பதில்: எதில் போடுவது என்பதற்கு முன், எவ்வளவு தேவை, எப்போது தேவை என்ற இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தனியார் கல்லூரியில் விடுதியும் சேர்த்து இன்று ஆண்டுக்கு 2.5 லட்சம், நான்கு ஆண்டுக்கு 10 லட்சம் ஆகிறது என்று கொள்வோம். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால் ஒன்பது ஆண்டில் அது இரு மடங்காகிவிடும். உங்கள் மகள் கல்லூரியில் சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் இருப்பதால், முதலாண்டுக் கட்டணம் 6.3 லட்சமாகவும் நான்காம் ஆண்டுக் கட்டணம் 7.9 லட்சமாகவும் இருக்கும். நான்காண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 28.4 லட்சம். இதுவே உங்கள் இலக்கு.

செல்வமகள் திட்டம் நல்ல திட்டம்தான். அரசு உத்தரவாதம் உண்டு, வட்டிக்கு வரி இல்லை. காலாண்டுதோறும் அறிவிக்கப்படும் வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவீதமானது. ஆனால் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டு கழித்தே அது முதிர்வடையும். இன்று தொடங்கினால் அப்போது உங்கள் மகளுக்கு வயது 27. நடுவில் படிப்புச் செலவுக்கு எடுக்கலாம் என்றாலும், முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதிக்கு மேல் எடுக்க முடியாது. அதற்கும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கான சான்று வேண்டும். மாதம் 4,000 போட்டால்கூட, இதே வட்டி நீடித்தால், பன்னிரண்டு ஆண்டில் சேரும் சுமார் 9.5 லட்சத்தில் 4.75 லட்சம்தான் கல்லூரிக்கு உதவும். முழுவதையும் இதில் போடும் பெற்றோர் பலர், பாஸ்புக்கில் பெரிய தொகை இருந்தும் கட்டணம் கட்டக் கடன் தேடும்போதுதான் இந்த விதியை அறிகிறார்கள். அதனால் தொகையைப் பிரிக்கச் சொல்கிறேன்.

மாதம் 2,000 ரூபாயைச் செல்வமகள் கணக்கில் போடுங்கள். மாதத்தின் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடைக்கும். மழை மாதங்களில் பட்டறை வருமானம் குறைந்தால் இதை நிறுத்திவைத்து, ஆண்டுக்குள் பிறகு சேர்த்துக் கட்டலாம். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் கட்டினால் போதும். மீதி 6,000 ரூபாயை, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், குறைந்த செலவுடைய இண்டெக்ஸ் பண்டில் எஸ்.ஐ.பி. என்னும் மாதத் தவணையாகப் போட்டு, ஒவ்வோர் ஆண்டும் தவணையை 10 சதவீதம் உயர்த்துங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதம் வளர்ந்தால் இது சுமார் 26.4 லட்சமாகும், செல்வமகள் கணக்கில் எடுக்கக்கூடிய பாதி 2.4 லட்சம். இரண்டும் சேர்ந்து இலக்கைத் தொடுகின்றன. தவணையை உயர்த்தாமல் 6,000 ரூபாயிலேயே நின்றால் 16.6 லட்சம்தான் சேரும். கட்டணம் ஏறுவதை ஈடுகட்டுவது இந்த உயர்வுதான். பன்னிரண்டாம் ஆண்டில் தவணை 17,000 ரூபாயைத் தாண்டும் என்பதையும் இப்போதே மனத்தில் வையுங்கள்.

அந்த 10 சதவீதம் எதிர்பார்ப்பே தவிர உறுதி அல்ல. பங்குச் சந்தை ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்த காலங்கள் உண்டு. அது அவள் பிளஸ் டூ படிக்கும் ஆண்டில் நேர்ந்தால் மீளக் காத்திருக்க நேரம் இருக்காது. ஆகவே அவளுக்கு 15 வயதாகும்போது முதலாண்டுக் கட்டணத்துக்கான பணத்தையும், 16இல் இரண்டாம் ஆண்டுக்கானதையும் என்று படிப்படியாக வங்கி வைப்புக்கு மாற்றிவிடுங்கள். இப்படிப் பல நிதியாண்டுகளில் எடுப்பது வரியிலும் உதவும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு சார்ந்த பண்டில் கிடைக்கும் லாபத்தில், நிதியாண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டியதற்கே 12.5 சதவீதம் வரி விதிக்கிறார்கள். வரியும் ஓரளவு குறைக்கும் என்பதால் கையில் சிறிது கூடுதலாக இருப்பது நல்லது.

நகையைப் பற்றி ஆத்தாவின் எண்ணத்தை மறுக்க வேண்டியதில்லை. அது மகளின் சீருக்கான கணக்கு. வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடுவதோடு, கல்லூரிக்காக வீட்டு நகையை விற்க எந்தக் குடும்பமும் எளிதில் மனம் ஒப்பாது. படிப்புக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் மாதத் தவணை நின்றுவிடும். அதற்கு, உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் டேர்ம் பாலிசி ஒன்றை 50 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் தனியாக எடுங்கள். சேமிப்பையும் காப்பீட்டையும் கலந்த குழந்தைப் பாலிசி வேண்டாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் அதே கல்லூரியின் புதிய கட்டணத்தைக் கேட்டு இலக்கைத் திருத்துங்கள். காரைக்குடியிலேயே உள்ள அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியை விடக் கட்டணம் மிகக் குறைவு. மிஞ்சுவதை மேற்படிப்புக்கு அப்படியே விட்டுவைக்கலாம்.