விழுங்கிய 'ஸ்' எங்கே போனது?

"அண்ணா, மாட்ரிட்டில் எட்டு மாதம் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனேன். இப்போது தெற்கே செவியாவில் வேலை. 'இஸட்' எழுத்தை 'ஸ்' என்கிறார்கள், உண்மையான 'ஸ்'ஸை விழுங்கிவிடுகிறார்கள். மறுபடி முதலிலிருந்து படிக்கணுமா?"

வேண்டாம் தம்பி. அந்த 'இஸட்' கதையை முதலில் தள்ளி வையுங்கள். அதற்கு ஸெஸேயோ என்று பெயர். செவியா நகரம், கனாரித் தீவுகள், லத்தீன் அமெரிக்கா எல்லாம் அப்படித்தான். மாட்ரிட்டில் வேறு வேறாக ஒலிக்கிற வீடும் (காஸா) வேட்டையும் (காதா) ஒரே 'காஸா' ஆகிவிடும். ஆனால் பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்தால் குழப்பம் வராது. காதிஸ், மாலகா கரையோர ஊர்களில் இதற்குத் தலைகீழ். 'ஸ்' எல்லாம் ஆங்கில 'திங்க்'கில் வருகிற மாதிரி பல்லிடுக்கு ஒலியாகும். அது தெதேயோ. இரண்டுக்கும் சில நாளில் காது பழகிவிடும்.

ஆளைக் கவிழ்ப்பது சொல்லின் கடைசி 'ஸ்'தான். நான் வந்த புதிதில் ஒரு சமையலறையில் வேலை. குளிரறையிலிருந்து 'லா காஹா' எடுத்து வா என்றார் சமையல்காரர். காஹா என்றால் பெட்டி, 'லா' ஒருமை. ஒரு பெட்டித் தக்காளியோடு போய் நின்றேன். அவர் கேட்டது நான்கையும். சொல்ல வந்தது 'லாஸ் காஹாஸ்'. கடைசி 'ஸ்' அடியோடு போய், முதல் 'ஸ்' வெறும் மூச்சாகி, 'லாஹ் காஹா' என்று வெளியே வந்திருக்கிறது. அந்த மூச்சுதான் பன்மை. நானோ காஹாவின் வாலில் தேடிக்கொண்டிருந்தேன். ஆண்பால் சொல்லில் இவ்வளவு தொல்லை இல்லை, ஒருமைக்கு 'எல்', பன்மைக்கு 'லோ' என்று முன்சொல்லே மாறிவிடும்.

நாமும் இதைச் செய்கிறவர்கள்தான். பேச்சில் 'அவன்' என்பதன் 'ன்' முழுதாக வருவதில்லை, உயிரொலி மூக்கில் ஏறும், அவ்வளவுதான். வெளியாள் காதுக்கு அது 'அவ'. நமக்கோ சந்தேகமே வராது.

வினைச்சொல்லில் இன்னொரு பள்ளம். 'தியெனெஸ்' (உன்னிடம் இருக்கிறது) என்பதும் 'தியெனெ' (அவரிடம், அல்லது மரியாதையாக உங்களிடம் இருக்கிறது) என்பதும் காதில் ஒன்றுதான். எல்லாரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று ஒரு மாதம் பூரித்துப் போயிருந்தேன். 'து' என்று 'நீ'யைச் சேர்த்துச் சொன்னால் தப்பித்தோம். இல்லாவிட்டால் பேசுகிறவர் யாரைப் பார்க்கிறார் என்று பாருங்கள்.

கிரனாடா பக்கம் போனால் அந்த மூச்சையும் நம்ப முடியாது. அங்கே 'ஸ்' போன இடத்தில் உயிரொலி விரியும். 'காஸாஸ்' என்பதன் ஆகாரம் ஆங்கில 'கேட்' (பூனை) ஒலிப் பக்கம் சாயும்.

பயிற்சிக்குக் கனால் சூர் வானொலி கேளுங்கள். செய்தி வேண்டாம், வாசிப்பவர் கவனித்துப் பேசுவார். நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி நல்லது. பதிவை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அர்த்தம் பார்க்காமல் 'லா' கேட்டால் ஒரு கோடு, 'லாஹ்' கேட்டால் இரண்டு கோடு போடுங்கள். அப்புறம் திரும்ப ஓடவிட்டு, பின்னால் வருகிற வினை பன்மையா என்று சரிபாருங்கள். 'எஸ்' ஒருமை, 'ஸொன்' பன்மை. அந்த 'ன்' இங்கே தேய்ந்தாலும் மூக்கொலியாகவாவது காதில் விழும்.