கிரியேட்டினின் 1.6: யூரினில் புரதம் இல்லை என்று விட்டுவிடலாமா?

"என் கணவருக்கு 34 வயது. பண்ருட்டி பக்கம் கரும்பு வெட்டும் வேலை. சர்க்கரை, பிரஷர் கிடையாது. இடுப்பு வலி, சிறுநீர் மஞ்சளாக எரிச்சலோடு போகிறது. கல் இருக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறேன். முகாமில் பார்த்ததில் யூரினில் புரதம் இல்லை, கிரியேட்டினின் மட்டும் 1.6. கால் வீக்கம் எதுவும் இல்லை. இதே வேலை பார்த்த அவருடைய அண்ணன் இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். யூடியூப்பில் என்னென்னவோ சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது."

இப்போதைக்கு டயாலிசிஸ் இல்லை. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு. 34 வயது ஆணுக்கு அது 1.6 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 58. இந்த அளவு 15-க்குக் கீழே போன பிறகுதான் பெரும்பாலும் டயாலிசிஸ் பற்றிப் பேசுவோம். ஆனால் இந்த வயதில் அது 100-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதனால் அந்த 1.6-ஐ விட்டுவிடக் கூடாது.

இடுப்பு வலி குனிந்து வெட்டுவதால் வருவதாக இருக்கலாம். மஞ்சள் நிறமும் எரிச்சலும் பெரும்பாலும் தண்ணீர் போதாததால் வருபவை. கல்லோ கிருமித் தொற்றோ இருந்தால் ஸ்கேனிலும் சிறுநீர்ப் பரிசோதனையிலும் தெரிந்துவிடும். வாழைத்தண்டுச் சாற்றை நிறுத்துங்கள். அதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதைத் தினமும் கொடுப்பது சரியில்லை.

புரதம் இல்லை, வீக்கம் இல்லை என்பதில் நிம்மதி அடையாதீர்கள். சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகக் கோளாறில் புரதம் முதலில் காட்டிக்கொடுக்கும். வெயிலில் உழைப்பவர்களிடம் நாங்கள் பார்க்கும் நோய் வேறு மாதிரி. அது வடிகட்டியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்துள்ள நுண்குழாய்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தழும்பாக்குகிறது. அதனால் புரதம் அதிகம் கசியாது, பிரஷரும் பல நாள் ஏறாது. எல் சால்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திராவின் உத்தானத்திலும் இப்படித்தான் சத்தமில்லாமல் வந்தது. பூச்சிமருந்து, குடிநீர் என்று வேறு சந்தேகங்களும் இருக்கின்றன. கரும்பு வெட்டுபவர்களைப் பொறுத்தவரை வெப்பமும் நீரிழப்பும்தான் முதல் சந்தேகம்.

சென்ற கோடையில் என்னிடம் வந்த ஒருவரிடம், "வேலை நாளில் எத்தனை தடவை சிறுநீர் போவீர்கள்?" என்று கேட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, வீடு திரும்பி மாலை நாலு மணிக்கு ஒரு தடவை என்றார். நடுவில் பதினோரு மணி நேரம், ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். சட்டைப்பையில் டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை. தினமும் இரண்டு மாத்திரை. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். அதைச் சமாளிக்கச் சிறுநீரகம் தானே சுரக்கும் ஒரு பொருளைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் இதைக் கொடுப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் கணவர் வலிக்கு என்ன விழுங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இன்றே கேளுங்கள், வலி ஊசி போட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். தாங்காத வலிக்கு, அளவோடு பாராசிட்டமால் போதும்.

இனி செய்ய வேண்டியது இதுதான். ஒரு வாரம் வெட்டுக்குப் போக வேண்டாம். வலி மாத்திரை வேண்டாம், பரிசோதனைக்கு முந்தைய இரவு கறியும் வேண்டாம். பிறகு கிரியேட்டினினை மறுபடி பாருங்கள். வேலை நாள் முடிவில் எடுத்த ரத்தத்தில் அது தற்காலிகமாக ஏறியிருக்கலாம். 1.1-க்கு இறங்கினால் அது வெயில் கொடுத்த அடி, இந்தத் தடவை மீண்டுவிட்டார். இறங்காவிட்டால் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். மூன்று மாதம் கழித்தும் அதே அளவு என்றால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர். தழும்பான பகுதி திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

மறுபடி வெட்டுக்குப் போனால், தாகத்துக்குக் காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது. நிழலில் உட்காராமல் வெட்டிக்கொண்டே இருந்தால் உழைக்கும் தசையின் சூடே உடம்பைக் கொதிக்க வைக்கும். நிகரகுவாவின் ஓர் ஆலையில் 2018-19 அறுவடையில் நிழலில் ஓய்வு நேரத்தைக் கூட்டியபோது, வெட்டுபவர்களின் சிறுநீரகப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கு உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் காசு என்பது எனக்குத் தெரியும். அதனால் மேஸ்திரியிடம் உங்கள் கணவர் தனியாகக் கேட்க வேண்டாம். வெட்டும் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, மணிக்குப் பத்து நிமிடம் நிழல் என்று கேட்கட்டும். கிரியேட்டினின் இறங்காவிட்டால் வெயில் வேலையையே விட வேண்டிவரும்.

வெயில் நாளில் வாந்தி வந்து, அரை நாளாகச் சிறுநீரே போகவில்லை என்றால் மோரும் இளநீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இந்த 1.6 சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.