சும்மா தந்த பம்பும் விளம்பரம்தான்

கேள்வி: கிளிநொச்சியில் தோட்ட வீடியோ போடுகிறேன். ஒரு கடை தண்ணீர்ப் பம்பு ஒன்றைச் சும்மா தந்தது, காசு தரவில்லை. விபரப் பகுதியில் கொமிஷன் லிங்கும் இருக்கிறது. விளம்பரம் என்று சொல்லத்தான் வேண்டுமா?

சொல்ல வேண்டும். காசு வாங்காவிட்டாலும் பம்பு உங்களுக்குக் கிடைத்த ஆதாயம். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியின் விதிகளும் இந்தியாவின் விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கியின் விதிகளும் இலவசப் பொருளைக் காசைப் போலவே எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வணிகம் செய்பவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது.

பலர் பிழை விடுவது சொல்லும் இடத்தில்தான். நானும் விட்டேன். இதே மாதிரி ஒரு பம்பைக் காட்டிவிட்டு, "கடை தந்தது" என்று விபரப் பகுதியின் கடைசி வரியில் எழுதினேன். கைபேசியில் 'மேலும்' என்பதைத் தொட்டால்தான் அது தெரியும். ஒட்டுசுட்டானில் ஒரு ஐயா வீடியோவைப் பார்த்து அதையே வாங்கினார். மேலே வைத்து உறிஞ்சும் பம்பு ஏழு, எட்டு மீற்றருக்குக் கீழேயிருந்து தண்ணீர் எடுக்காது. அவருடைய கிணற்றில் கோடையில் தண்ணீர் அதைவிட ஆழத்துக்கு இறங்கிவிடும். "தம்பி, கடை சும்மா தந்ததெண்டு முதலே சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு பேரிட்டக் கேட்டிருப்பன்" என்றார். அந்த வீடியோவை அன்றே நீக்கிவிட்டேன்.

இப்போது பம்பைக் கையில் எடுக்கும் முன்பே வாயால் சொல்கிறேன்: "இந்தப் பம்பை இந்தக் கடை எனக்கு இலவசமாகத் தந்தது." சத்தமில்லாமல் பார்ப்பவருக்காக அதையே திரையிலும் எழுதுகிறேன். இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க அந்த எழுத்து நிற்க வேண்டும் என்கிறது ஆஸ்கி. தமிழ் வீடியோ என்றால் தமிழில் எழுதுங்கள். "கடைக்கு நன்றி" என்பது போதாது, ஏன் நன்றி என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

யூடியூபில் பதிவேற்றும்போது கட்டண விளம்பரம் உண்டு என்ற பெட்டியையும் தெரிவு செய்யுங்கள். ஆனால் அந்த அறிவிப்பு தொடக்கத்தில் சில விநாடிகள் மட்டுமே தெரியும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம் லிங்க். "அஃபிலியேட் லிங்க்" என்றால் நம் சனத்தில் பலருக்கு விளங்காது. லிங்குக்கு மேலேயே, "இதன் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கொமிஷன் கிடைக்கும்" என்று எழுதுங்கள். லிங்கைக் காட்டி வீடியோவில் பேசினால் அங்கேயும் சொல்லுங்கள்.

கடைக்காரர் "விளம்பரம் எண்டு போடாதீங்கோ" என்று கேட்டால் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஒரு தடவை கொடுத்திருக்கிறேன்.