நாள் தாள்களிலிருந்து ரொக்கப் புத்தகம்: இருப்பு ஒத்துவராதபோது

கேள்வி: சிறு கடை நடத்துகிறேன். தினமும் ஒரு தாளில் விற்பனை, செலவு, இரவில் எண்ணிய கல்லாப் பணம் எல்லாம் எழுதி வைப்பேன். இப்போது அவற்றைக் கொண்டு ரொக்கப் புத்தகம் எழுதுகிறேன். முதல் நான்கு நாட்களிலேயே, எண்ணிய பணம் புத்தக இருப்பைவிட 1,040 குறைகிறது. அதை ‘இதர செலவு’ என்று போட்டு நேர்செய்துவிடலாமா? நான்கு தாள்களின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம். உங்கள் தாள்களைப் பார்த்தவரை இந்த 1,040 ஒரே தவறால் வந்ததன்று. மூன்று வெவ்வேறு தவறுகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்த பின் எஞ்சிய தொகை அது. அதை இதர செலவாக எழுதினால், நடக்காத ஒரு செலவு புத்தகத்தில் ஏறும். நடந்த மூன்றும் மறைந்தே போகும்.

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். தாளில் உள்ள விற்பனைத் தொகை பில்களைக் கூட்டி எழுதியதா, அல்லது இரவில் கல்லாவை எண்ணி, அதனுடன் அன்றைய செலவைக் கூட்டி, காலை இருப்பைக் கழித்துக் கண்டுபிடித்ததா? பல கடைகளில் இரண்டாவது வழக்கமே இருக்கிறது. அப்படி எழுதிய விற்பனையை வைத்துப் புத்தகம் போட்டால் இருப்பு எப்போதும் ஒத்துப்போகும். ஆனால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பே இல்லை, ஏனெனில் எழுத மறந்த ஒவ்வொரு செலவும் விற்பனையைக் குறைத்துக் காட்டியிருக்கும். உங்கள் தாள்களில் பில் எண்களும் அவற்றின் கூட்டலும் இருப்பதால், உங்கள் எண்ணிக்கையை ஒரு உண்மையான சோதனையாகக் கொள்ளலாம்.

முதல் நாளைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். தொடக்க இருப்பு 5,000. மொத்த விற்பனை 18,400 என்றாலும், அதில் 4,600 கார்டிலும் மொபைலிலும் வந்தது, 1,200 கடனுக்குப் போனது. ஆகவே கல்லாவுக்கு வந்தது 12,600 மட்டுமே. பழைய கடன் வசூல் 900 சேர்ந்து, சரக்குக்கும் சில்லறைச் செலவுக்கும் 6,850 போக, இறுதி இருப்பு 11,650. எண்ணியதும் அதுவே. மொத்த விற்பனையை அப்படியே வரவில் எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. அது உங்களிடம் இல்லை.

இனி வரும் நாட்களுக்கு, புத்தகத்தின் ஓரத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள். ஒன்றில் புத்தக இருப்பிலிருந்து எண்ணிய பணத்தைக் கழித்து வரும் வித்தியாசம். மற்றதில் அந்த வித்தியாசம் முந்தைய நாளைவிட எவ்வளவு மாறியது என்பது. தவறு எந்த நாளில் பிறந்தது என்பதை இரண்டாவது கட்டமே காட்டும். இது பயன்பட வேண்டுமானால், அடுத்த நாளின் தொடக்கமாக எப்போதும் முந்தைய நாளின் புத்தக இருப்பையே எடுத்துச் செல்ல வேண்டும். எண்ணிய தொகையைத் தொடக்கமாக எழுதினால், ஒவ்வொரு இரவும் ஒரு குறைவு காரணமில்லாமல் அழிந்துவிடும்.

உங்கள் இரண்டாம் நாளைப் பாருங்கள். 11,650-உடன் ரொக்க விற்பனை 13,200 சேர்ந்து, வங்கியில் கட்டிய 10,000-மும் செலவு 480-ம் போக, புத்தக இருப்பு 14,370. எண்ணியது 12,370. முழுதாக 2,000 வித்தியாசம். இப்படி முழுத் தொகையாக வரும் குறைவு பெரும்பாலும் கல்லாவிலிருந்து யாரோ எடுத்த பணமாகவே இருக்கும். அந்தத் தாளின் பின்பக்கத்து நகலில், வேறு மையில், ‘வீடு 2,000’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. அது கடையின் செலவன்று. உரிமையாளரின் எடுப்பு என்று அதே தேதியில் எழுதுங்கள். இதர செலவாக எழுதியிருந்தால் உங்கள் லாபம் அந்த அளவு குறைந்து தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் ரொக்க விற்பனை 11,900, சரக்கு வாங்கியதற்குக் கொடுத்தது 5,280. புத்தக இருப்பு 20,990, எண்ணியது 18,450. மொத்த வித்தியாசம் 2,540 ஆகிவிட்டது, ஆனால் அன்று புதிதாகச் சேர்ந்தது 540 மட்டும். அந்த 540 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. ஒரு தொகையின் அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வகுபடும் தொகை எல்லாமே இலக்கம் மாறியதால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் எங்கே முதலில் தேடலாம் என்று அது காட்டுகிறது. தாளோடு பின் குத்தியிருக்கும் சரக்கு பில்லில் 5,820 என்று அச்சாகியிருக்கிறது. நீங்கள் 5,280 என்று எடுத்தெழுதியிருக்கிறீர்கள். பில்லின்படி திருத்துங்கள்.

நான்காம் நாள்தான் எளிதில் ஏமாற்றும். விற்பனை 12,750, செலவு 310. புத்தக இருப்பு 33,430, எண்ணியது 32,390. வித்தியாசம் 2,540-லிருந்து 1,040-ஆகக் குறைந்திருப்பதைப் பார்த்து நிலைமை சீரடைகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அன்று கல்லாவில் 1,500 கூடுதலாக வந்திருக்கிறது, அது புத்தகத்தில் இல்லை. கடன் வசூல் விடுபட்டிருக்கலாம் என்பது என் ஊகம், ஏனெனில் அன்றைய தாளில் அந்த வரி மட்டும் காலியாக இருக்கிறது. அந்தத் தேதிக்கான கடன் நோட்டுப் பக்கத்தைப் பாருங்கள். யாருடைய பாக்கியாவது ஒன்றோ பலவோ சேர்ந்து 1,500 குறைந்திருந்தால் வரவு எழுதலாம். நோட்டில் ஆதாரம் இல்லையென்றால், விற்பனையில் சேர்த்துவிடாதீர்கள். ‘ரொக்க மிகுதி’ என்று அனாமத்துக் கணக்கில் அந்தத் தேதியில் வைத்து, பக்கத்தில் காரணம் தெரியவில்லை என்று குறித்துவிடுங்கள்.

இந்த மூன்று திருத்தங்களும் ஏறியபின் நான்கு நாட்களின் இறுதி இருப்பு முறையே 11,650, 12,370, 18,450, 32,390 என்று எண்ணிக்கையோடு ஒத்துவரும்.

மீதித் தாள்களில் இதே கட்டத்தைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். ஒரு நாள் தோன்றிய வித்தியாசம் மறுநாளே அதே தொகையில் எதிர்த்திசையில் மாறி மறைந்தால், அது பெரும்பாலும் தேதிப் பிசகு. வங்கியில் கட்டியதாக இரவில் தாளில் எழுதிய பணம் மறுநாள் காலையில்தான் கட்டப்பட்டிருக்கும். வங்கி ரசீதின் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செலவு இரண்டு முறை எழுதப்பட்டிருந்தாலோ, ஒரு வரவு தவறிப்போய்ச் செலவுப் பக்கத்தில் ஏறியிருந்தாலோ, வித்தியாசம் தோன்றிய நாளிலிருந்து மாறாமல் நிற்கும். பக்கம் மாறிய தொகையாக இருந்தால் வித்தியாசத்தின் பாதி அந்த நாள் தாளில் எங்கேனும் இருக்கும்.

புத்தக இருப்பு எந்த நாளிலாவது சுழியத்துக்குக் கீழே போனால், அங்கேயே நிறுத்துங்கள். கல்லாவில் இல்லாத பணத்தைக் கொடுத்திருக்க முடியாது. அதற்கு முன்னால் ஒரு வரவு விடுபட்டிருக்கும், அல்லது நீங்கள் சொந்தப் பணத்தைக் கடையில் போட்டிருப்பீர்கள். அது தெரியும் வரை அடுத்த தாளுக்குப் போக வேண்டாம்.

ஒரு நாளின் தாள் காணவில்லையென்றால், முந்தைய இரவு எண்ணிய தொகைக்கும் காணாமற்போன நாளின் இரவிலோ மறுநாள் காலையிலோ எண்ணிய தொகைக்கும் உள்ள வேறுபாடே அன்றைய நிகர ரொக்கம். பில் புத்தகத்திலிருந்து விற்பனையையும் ரசீதுகளிலிருந்து செலவையும் எடுத்து, மிஞ்சுவதை அனாமத்தில் வையுங்கள். அந்தத் தொகையை விற்பனையாகப் பிரித்து எழுத உங்களிடம் ஆதாரம் இருக்காது. அசல் தாள்களின் மேல் எதையும் திருத்தாமல், திருத்தங்களைப் புத்தகத்தில் மட்டும் தேதியோடும் காரணத்தோடும் எழுதுங்கள். கணக்காளர் கேட்கும்போது அசலையும் புத்தகத்தையும் சேர்த்தே கொடுங்கள்.