அப்பா எழுதிய பவர் அப்பாவோடு முடிந்துவிடும்

"அண்ணா, டொரோண்டோவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. திருச்சியில் அப்பா பெயரில் உள்ள மனையை விற்க, சித்தப்பாவுக்கு அப்பா பவர் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தார். வாங்குபவரிடம் அட்வான்ஸும் வாங்கியாயிற்று. போன மாதம் அப்பா இறந்துவிட்டார். 'ரத்து செய்ய முடியாத பவர் என்றே எழுதியிருக்கிறது, நானே கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறேன், அம்மாவும் அக்காவும் நீயும் அலைய வேண்டாம்' என்கிறார் சித்தப்பா. செய்யலாமா?"

செய்யக் கூடாது தம்பி. அப்பாவின் மறைவு கேட்டு வருத்தமாக இருக்கிறது. இந்தச் சமயத்தில் இதைச் சொல்வதும் கஷ்டம்தான். ஆனால் சித்தப்பா அந்தக் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார் என்று நம்புகிறேன். எண்ணம் நல்லதாக இருப்பதால் பத்திரம் செல்லுபடியாகிவிடாது.

பவர் வைத்திருப்பவருக்குச் சொத்தில் சொந்த உரிமை எதுவும் கிடையாது. அப்பா போட வேண்டிய கையெழுத்தை அவருக்குப் பதிலாகப் போடுகிறார், அவ்வளவுதான். அப்பா இறந்த நொடியிலேயே மனை வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை. அதன் பிறகு சித்தப்பா அப்பாவின் சார்பில் கையெழுத்துப் போட்டால், அந்த மனைக்கு உரிமையாளராக இல்லாத ஒருவரின் சார்பில் விற்பதாகத்தான் ஆகும். இப்போதைய உரிமையாளர்களான நீங்கள் யாரும் அவருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: எழுதிக் கொடுத்தவரோ முகவரோ இறந்தால் முகவாண்மை முடிந்தது.

'ரத்து செய்ய முடியாத பவர்' என்பதில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. 202ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தச் சொத்திலேயே முகவருக்குச் சொந்த நலன் இருந்தால், அந்த நலனுக்குக் கேடு வரும்படி பவர் முடியாது. உதாரணமாக, கடன் கொடுத்தவர், சொத்தை விற்று அந்தக் கடனை எடுத்துக்கொள்ளலாம் என்று பவர் வாங்கியிருந்தால் அது இந்த வகை. சித்தப்பா அப்பாவுக்காக ஓடியாடி வேலை பார்த்தவர். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. தாளில் என்ன தலைப்பு இருந்தாலும் விஷயம் மாறாது.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு பெங்களூரு வழக்கு இதற்குப் பொருத்தமானது. 1986இல் ஒரு மனையின் உரிமையாளர் ஒரு பெண்மணிக்குக் கிரைய ஒப்பந்தமும், ரத்து செய்ய முடியாதது என்று சொல்லி ஒரு பொது பவரும் எழுதிக் கொடுத்தார். 1997 ஜனவரியில் அவர் இறந்தார். 1998 ஏப்ரலில் அந்தப் பெண்மணி அதே பவரை வைத்துத் தன் மகனுக்கே மனையைக் கிரையம் செய்தார். 2003இல் உரிமையாளரின் வாரிசுகள் அதே மனையை வேறொருவருக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் கொடுத்துத்தான் அந்தப் பவரை வாங்கினோம், அதனால் அதில் எங்களுக்கு நலன் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. பவரின் வாசகத்தைப் படித்துப் பார்த்த நீதிமன்றம், அது சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த சாதாரண பவர்தான், உரிமையாளர் இறந்ததும் முடிந்துவிட்டது என்றது. மகன் பெயரில் கிரையப் பத்திரம் பதிவாகி இருந்தும் மனை அவருக்கு நிற்கவில்லை.

பதிவாகிவிட்டால் பத்திரம் உறுதி என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. சார்பதிவாளர் சொத்துரிமையைத் தீர்த்துச் சொல்பவர் இல்லை. வில்லங்கச் சான்றில் பத்திரங்கள்தான் தெரியும், அப்பாவின் மறைவு அதில் வராது. ஆனால் பின்னால் எவராவது இறப்புச் சான்றிதழின் தேதியையும் கிரையத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வாங்கியவர் வங்கிக் கடனுக்குப் போகும்போது வங்கி வக்கீல் அதைத்தான் பார்ப்பார்.

இன்னொரு ஆபத்து சித்தப்பாவுக்கே. தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரையம் செய்ய வந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். இப்போது அப்படி ஒரு சான்றைக் கொடுத்தால் அது பொய். பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி, பதிவு அலுவலரிடம் தெரிந்தே பொய் சொல்வதற்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு. உங்கள் நன்மைக்காக ஓடுகிற மனிதரை அங்கே நிறுத்தாதீர்கள்.

சட்டத்தில் ஒரு தளர்வு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களிடம் அதைக் காட்டலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவின்படி, பவர் முடிந்தது முகவருக்கும் எதிர்த்தரப்புக்கும் தெரிய வரும்போதுதான் அவரவரைப் பொறுத்தவரை அது முடிகிறது. இறந்த செய்தி எட்டாத தூரத்தில் இருந்து நல்லெண்ணத்தில் செய்ததைக் காக்கத்தான் இந்தப் பிரிவு. அண்ணனுக்குக் காரியம் நடத்திய சித்தப்பா "எனக்குத் தெரியாது" என்று எந்த நீதிமன்றத்தில் சொல்ல முடியும்?

சரி, வாங்குபவரை என்ன செய்வது? அப்பா உயிரோடு இருக்கும்போது சித்தப்பா பவரின்படி எழுதிய கிரைய ஒப்பந்தம் இருந்தால், அது அப்பா செய்த ஒப்பந்தம். பவர் முடிந்தாலும் அந்த வாக்குறுதி முடியாது, வாரிசுகளான உங்களைக் கட்டும். அதனால் அவர் பயப்பட வேண்டாம். கையெழுத்துப் போடும் ஆட்கள்தான் மாறுகிறார்கள். அட்வான்ஸ் தொகையை சித்தப்பா வாரிசுகளின் கணக்கில் வைத்திருக்கட்டும், மனையையும் மூலப்பத்திரத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தபின் முகவர் செய்ய வேண்டியது அந்தப் பாதுகாப்புதான் என்று 209ஆம் பிரிவே சொல்கிறது.

இனி செய்ய வேண்டியது. இறப்புச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மூலம் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனு போடுங்கள். நீங்கள் இந்துக் குடும்பம், அப்பா உயில் எழுதவில்லை, மனையும் அவர் சொந்தமாக வாங்கியது என்றால் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு. இதைப் பலர் விட்டுவிட்டுக் கிரையம் எழுதி, பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

அம்மா நேரில் கையெழுத்துப் போடலாம். வர முடியாத ஒவ்வொருவரும் புதிதாகத் தன் பங்குக்குப் பவர் எழுத வேண்டும், சித்தப்பாவுக்கே எழுதலாம். நீங்கள் இங்கே டொரோண்டோவில் இந்தியத் துணைத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திடலாம். பதிவுச் சட்டம் இரண்டையும் ஏற்கிறது, நான் தூதரகத்தைத்தான் சொல்வேன், ஊரில் கேள்விகள் குறையும். பவரில் மனையின் சர்வே எண், எல்லைகள், விற்கும் அதிகாரம், பணம் யார் கணக்கில் வர வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாக எழுதுங்கள். அசல் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துச் செய்வார்கள். அதற்குப் பிறகு எழுதும் கிரையப் பத்திரத்தில் அப்பா இறந்த தேதியும், வாரிசுகளாக நீங்கள் விற்கிறீர்கள் என்பதும் வெளிப்படையாக இருக்கும்.

அப்புறம், இதை இங்கே உள்ள நடைமுறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்டாரியோவிலும் பவர் இறப்போடு முடியும். ஆனால் இங்கே சொத்துக்குத் தொடரும் பவர் என்று எழுதினால், எழுதியவர் நினைவிழந்த பிறகும் அது நிற்கும். இந்தியாவில் மனநிலை தவறினாலும் பவர் முடிந்துவிடும், அதே 201ஆம் பிரிவுதான். அம்மாவிடம் பவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அவர் நேரில் போகக்கூடிய இப்போதே அவரையே கிரையத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள்.